ஐந்தாம் சுற்றில் காணாமல் போன காணி: செயலியால் திரும்பத் திரும்பத் திருத்தினால் என்ன நடக்கிறது, எங்கே நிறுத்துவது

வன்னியில் இப்போது மனு எழுதுகிறவர்கள் மாறிவிட்டார்கள். முன்பு கச்சேரி வாசலில் தட்டச்சு மெசினோடு ஒருவர் இருப்பார். இன்று கமக்கார அமைப்பின் செயலாளரோ, மாதர் சங்கத்துப் பிள்ளையோ, ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகளோ போனில் ஏ.ஐ. செயலியைத் திறந்து, ஆள் சொல்வதைப் பதிந்து, 'வடிவாக எழுதித் தா' என்று கேட்கிறார்கள். அதில் பிழை இல்லை. பிரச்சினை அதற்குப் பிறகு வருகிறது. வந்ததைப் பார்த்துவிட்டு 'இன்னும் கொஞ்சம் வடிவாக' என்று கேட்கிறோம். அதற்கு வந்ததையும் திரும்பக் கொடுக்கிறோம். நாலைந்து சுற்றுப் போனதும் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லாத ஒரு கடிதம் கையில் இருக்கும். அதைச் சொன்ன ஆள் மட்டும் அதற்குள் இருக்கமாட்டார்.

இந்த வழிகாட்டி அந்த ஒரு பழக்கத்தைப் பற்றியது: செயலி தந்ததைத் திரும்பச் செயலிக்கே கொடுப்பது. எடுத்துக்காட்டாக ஒரு வெள்ள அழிவு மனுவைச் சுற்றுச் சுற்றாகப் பார்ப்போம். வாசிகசாலைக்கு ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கும், பாடசாலை மலருக்கு முதியவர்களின் கதை சேர்க்கிறவர்களுக்கும் முறை இதேதான்.

முதலில் மூலம்

முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற ஒருவர் சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை நானே அமைத்திருக்கிறேன். பேச்சு இப்படிப் போகிறது:

> என்ர வயல் மூண்டு ஏக்கர். அதில ரெண்டு ஏக்கருக்குத்தான் என்ர பேரில உறுதி கிடக்கு. மற்றது அக்காவின்ர காணி, நான் குத்தகைக்குச் செய்யிறன். மார்கழி 21 இரவு குளம் வான் பாயத் தொடங்கினது. விடியப்புறம் கதவுகளையும் திறந்ததாம் எண்டு பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னவன், நான் காணேல்லை. ரெண்டு கிழமையா வயலுக்குள்ள தண்ணி நிண்டது. ஒண்டரை ஏக்கர் முழுசா அழுகிப்போச்சு. மிச்சம் தப்பும் எண்டுதான் நினைச்சனான், ஆனா கதிர் வந்தாப் பிறகுதான் பதர் எண்டு தெரிஞ்சது. ஒருத்தரும் வந்து பாக்கேல்லை எண்டு சொல்லமாட்டன். வந்தவை. ஆனா தண்ணி வத்தினாப் பிறகுதான் வந்தவை.

இதைச் செயலியில் போடுவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் பின்னால் எதையும் சரிபார்க்க முடியாது. பேச்சில் உள்ள விபரங்களைத் தனித்தனியாக, ஒரு வரிக்கு ஒன்றாக, கையால் எழுதுங்கள். எண்களை எழுத்தில் எழுதாமல் இலக்கத்தில் எழுதுங்கள்:

1. மொத்த வயல் 3 ஏக்கர்
2. அவர் பேரில் உறுதி 2 ஏக்கருக்கு மட்டும்
3. மிச்சம் 1 ஏக்கர் அக்காவினது, குத்தகை
4. டிசம்பர் 21 இரவு வான் பாயத் தொடங்கியது
5. விடியப்புறம் கதவு திறந்தது: அயலவர் சொன்னது
6. அதை அவர் தானாகக் காணவில்லை
7. தண்ணீர் நின்றது 2 கிழமை
8. முழுதாக அழுகியது 1.5 ஏக்கர்
9. மிச்சம் பதர்; கதிர் வந்த பிறகுதான் தெரிந்தது
10. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள்
11. வந்தது தண்ணீர் வற்றிய பிறகு

பதினொரு விபரம். இதில் 5, 6, 10 ஆகிய மூன்றையும் பலர் விபரமாகவே எண்ணமாட்டார்கள். யார் சொல்லித் தெரிந்தது, எதைத் தான் காணவில்லை, எதை இல்லையென்று சொல்லமாட்டேன் என்பவை பேச்சின் ஓரத்தில் கிடப்பதுபோல் தெரியும். முதலில் உதிர்வதும் இவைதான். அதனால் பட்டியலில் கட்டாயம் இவற்றுக்கு இடம் வேண்டும்.

முதலாம் சுற்று: 'எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை திருத்து'

> எனது வயல் மூன்று ஏக்கர். அதில் இரண்டு ஏக்கருக்கு மட்டுமே என் பெயரில் உறுதி உள்ளது. மற்றது அக்காவின் காணி, அதை நான் குத்தகைக்குச் செய்கிறேன். டிசம்பர் 21 இரவு குளம் வான் பாயத் தொடங்கியது. அதிகாலையில் கதவுகளும் திறக்கப்பட்டதாகப் பக்கத்து வீட்டுத் தம்பி கூறினார். இரண்டு கிழமைகளாக வயலுக்குள் தண்ணீர் நின்றது. ஒன்றரை ஏக்கர் முழுமையாக அழுகிவிட்டது. மீதி தப்பும் என்று நினைத்தேன், ஆனால் கதிர் வந்த பிறகே பதர் என்று தெரிந்தது. அதிகாரிகள் வந்தார்கள், ஆனால் தண்ணீர் வற்றிய பிறகே வந்தார்கள்.

பார்த்தால் நல்ல திருத்தம். பேச்சுத்தமிழ் எழுத்துத்தமிழாகிவிட்டது. பட்டியலோடு ஒப்பிட்டால் ஆறாவது விபரம் இல்லை. 'நான் காணேல்லை' போய்விட்டது. அயலவர் கூறினார் என்று இருப்பதால் அது தேவையில்லை என்று செயலி கணித்திருக்கும். இன்னொன்றும் போயிருக்கிறது, அது பட்டியலில் இல்லை: 'ஒருத்தரும் வந்து பாக்கேல்லை எண்டு சொல்லமாட்டன். வந்தவை.' இந்த மனிதர் நியாயமாகப் பேசுகிறவர் என்று வாசிக்கிற அதிகாரிக்குத் தெரிவிக்கிற இடம் அதுதான். ஒரு சொல்லில் நிற்கிற 'வந்தவை' என்ற வசனம் அடுத்த வசனத்தோடு ஒட்டப்பட்டு, எல்லா வசனத்தையும்போல ஆகிவிட்டது.

இந்த இடத்தில் நிறுத்தி, போன இரண்டையும் கையால் திரும்ப வைத்தால் கடிதம் தயார். பெரும்பாலான மனுக்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இரண்டும் மூன்றும்: 'அலுவலகக் கடிதமாக்கு', பிறகு 'சுருக்கு'

> எனக்குச் சொந்தமான மூன்று ஏக்கர் வயலில் காலபோக நெற்செய்கை மேற்கொண்டிருந்தேன். டிசம்பர் 21ஆம் திகதி இரவு குளம் நிரம்பி வழிந்ததுடன், அதிகாலையில் கதவுகளும் திறக்கப்பட்டன. இதனால் இரண்டு நாட்களாக வயலில் வெள்ளம் தேங்கி நின்று, பயிர்களின் பெரும்பகுதி அழிவடைந்தது. அதிகாரிகள் தாமதமாகவே பார்வையிட்டனர்.

அக்காவின் காணி இங்கே அவருக்கே சொந்தமாகிவிட்டது. கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கமநல சேவை நிலையத்தில் பதிவைப் பார்த்தால் இரண்டு ஏக்கர்தான் அவர் பேரில் இருக்கும். முதல் வரியிலேயே பொய் சொன்னவராக அவர் நிற்பார்.

அயலவர் சொன்னதாக இருந்தது இப்போது நேரில் நடந்த செய்தியாகிவிட்டது. 'திறக்கப்பட்டதாகக் கூறினார்' என்பதற்கும் 'திறக்கப்பட்டன' என்பதற்கும் இடையில் சாட்சி இருக்கிறது. முதற் சுற்றில் 'நான் காணேல்லை' போனதால்தான் மூன்றாம் சுற்றில் இது சுலபமாக நடந்தது. ஒரு சுற்று தட்டிவிட்டதை அடுத்த சுற்றுக்குத் தெரியாது. அது முன்னே கிடப்பதை மட்டுமே பார்க்கிறது.

'இரண்டு கிழமை' இரண்டு நாளாகிவிட்டது. நாங்கள் ஏழு நாளைக் கிழமை என்கிறோம். தமிழகத்து எழுத்தில் கிழமை என்பது திங்கள், செவ்வாய் என்கிற நாள். ஏழு நாளுக்கு அங்கே வாரம். செயலி வாசித்துப் பழகிய தமிழில் தமிழகத்து எழுத்துத்தான் மிக அதிகம். இரண்டு நாள் நின்ற தண்ணீருக்கும் இரண்டு கிழமை நின்ற தண்ணீருக்கும் அழிவு மதிப்பீட்டில் எவ்வளவு வித்தியாசம் என்று வயல் செய்கிற எவருக்கும் சொல்லத் தேவையில்லை. 'வான் பாய்தல்' என்பதும் 'நிரம்பி வழிதல்' என்று மாறியிருக்கிறது. இந்த முறை பொருள் ஓரளவு தப்பியிருக்கிறது. சில வேளை அந்த 'வானை' ஆகாயமாக எடுத்து 'வான்மழை பொழிந்தது' என்றும் எழுதும். துருசு, கட்டு, பங்கு, பரப்பு என்று எங்கள் ஊர்ப் பேச்சில் குறிப்பான பொருளுள்ள சொற்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஒன்றரை ஏக்கர் 'பெரும்பகுதி' ஆனது சுருக்கச் சொன்னதன் விளைவு. அளவு இருந்த இடத்தில் அளவில்லாத சொல் வந்து உட்கார்ந்தால் அதற்குப் பிறகு எந்தச் சுற்றும் அந்த அளவைத் திரும்பக் கொண்டுவராது.

நாலும் ஐந்தும்: 'மனதைத் தொடும்படி எழுது', 'மெருகூட்டு'

> டிசம்பர் மாதத்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் எனது மூன்று ஏக்கர் நெற்பயிரும் முற்றிலும் அழிந்தது. முன்னறிவிப்பின்றிக் கதவுகள் திறக்கப்பட்டதால், பல நாட்கள் நீரில் மூழ்கிய பயிர்களைக் காப்பாற்ற முடியவில்லை. எந்த அதிகாரியும் உரிய நேரத்தில் வந்து பார்வையிடவில்லை. ஒரு விவசாயியின் கண்ணீருக்கு விடிவு பிறக்கும் என நம்புகிறேன்.

பதினொன்றில் இப்போது முழுதாக நிற்பது ஒன்றே ஒன்று: மூன்று ஏக்கர். திகதி தேய்ந்து மாதமாகிவிட்டது. அது தவிர இரண்டு புதிய விடயங்கள் சேர்ந்திருக்கின்றன. 'முன்னறிவிப்பின்றி' என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அது ஒரு திணைக்களத்தின் மீது வைக்கும் குற்றச்சாட்டு. விசாரணை வந்தால் பதில் சொல்லவேண்டியது கையெழுத்து வைத்த கமக்காரர்தான். கண்ணீரும் விடிவும் யாருடைய மனுவிலும் ஒட்டக்கூடியவை. கமம் செய்கிறவர் 'விவசாயி' ஆகி, குரலும் முகமும் இல்லாத ஒருவராக முடிகிறார்.

ஏன் இப்படி நடக்கிறது

காரணத்தைத் தெரிந்துகொண்டால் எங்கே நிறுத்துவது என்பதும் தானாகப் புரியும். அதனால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போகலாம்.

இந்தச் செயலிகள் ஒரு எழுத்தைத் துண்டு துண்டாக உருவாக்குகின்றன. இதுவரை வந்ததைப் பார்த்து, அடுத்து வரக்கூடிய துண்டுகளில் எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டு, அதிலிருந்து ஒன்றை எடுக்கின்றன. 'திருத்து' என்றாலும் பெரும்பாலும் நடப்பது புதிதாக எழுதுவதுதான். முன்னே உள்ளதை ஒட்டி எழுதுகிறது, அவ்வளவே. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு இழுவிசை இருக்கிறது. அரிதான சொல்லிலிருந்து வழக்கமான சொல்லுக்கு, குறிப்பான செய்தியிலிருந்து பொதுவான செய்திக்கு, கோணலான வசனத்திலிருந்து நேரான வசனத்துக்கு அது இழுக்கிறது. ஒரு சுற்றில் இந்த இழுப்புக் கொஞ்சம்தான். மூலம் முன்னே இருப்பதால் அது பிடித்து வைத்திருக்கும். இரண்டாம் சுற்றில் செயலிக்கு முன்னே இருப்பது மூலம் இல்லை, ஏற்கெனவே ஒருமுறை இழுபட்ட எழுத்து.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு சுற்றும் நூற்றுக்குத் தொண்ணூறு விபரத்தைச் சரியாகக் காப்பாற்றுகிறது என்று வைப்போம். கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஐந்து சுற்றுக்கு 0.9-ஐ ஐந்து தடவை பெருக்கினால் 0.59. அரைவாசியைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. தொண்ணூற்றைந்து என்று வைத்தாலும் 0.77தான். இது கணக்கு விளங்குவதற்கான எண். எந்தச் செயலியையும் அளந்து எடுத்ததல்ல.

உறுதியைப் போட்டோக்கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியையே திரும்பக் கொப்பி எடுத்தால் எழுத்து மங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். செயலி இதிலிருந்து மாறுபடுவது ஒரு இடத்தில், ஆபத்தும் அங்கேதான். மங்கிய இடத்தை அது வெறுமையாக விடாது. அங்கே என்ன இருந்திருக்கலாம் என்று நினைத்து, தெளிவான எழுத்தில் நிரப்பிவிடும். வாசிக்கிறவருக்கு எந்த இடம் மங்கியது என்றே தெரியாது.

மனிதர்களிடத்திலும் இது நடக்கும். பிரித்தானிய உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றை ஒருவர் வாசித்து நினைவிலிருந்து எழுத, அதை அடுத்தவர் வாசித்து எழுத, இப்படியே கைமாற்றிக் கொண்டுபோனார். கதை சுருங்கியது, கேட்டுப் பழகாத விடயங்கள் பழகிய விடயங்களாக மாறின. தோணி சாதாரணப் படகானது, கடல்நாய் வேட்டை மீன்பிடியானது. இங்கிலாந்து மாணவர்கள் தங்கள் ஊருக்குப் பொருந்துமாறு கதையை இழுத்துக்கொண்டார்கள். செயலியும் தான் அதிகம் பார்த்த ஊருக்கே இழுக்கிறது. அந்த ஊர் வன்னி இல்லை.

குரல் தட்டையாவதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. இந்தச் செயலிகளைப் பழக்கும்போது, இரண்டு பதில்களில் எது நல்லது என்று ஆட்களிடம் கேட்டு, அவர்கள் விரும்புகிற பக்கம் சாயவைக்கிறார்கள். ஓட்டமான, மரியாதையான, சமநிலையான நடை அங்கே வெல்கிறது. 'எண்டு சொல்லமாட்டன்' என்பதுபோன்ற முறுக்கு தோற்கிறது. அதனால் வன்னிக் கமக்காரர் சொன்னதும் மன்னார் மீனவர் சொன்னதும் மலையகத்துத் தாய் சொன்னதும் சுற்றுகள் கூடக்கூட ஒரே ஆள் எழுதியதுபோல் வந்து சேரும்.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஒரே கட்டளையோடு பல சுற்றுப் போனால் மாற்றம் பெரும்பாலும் குறைந்துகொண்டே போகும். கடைசியில் 'மேலும்' என்பதை 'அத்துடன்' என்றும், அடுத்த சுற்றில் 'அத்துடன்' என்பதை 'மேலும்' என்றும் மாற்றிக்கொண்டிருக்கும். இனித் திருத்த ஒன்றுமில்லை, எழுத்துச் சரியாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் அந்த எழுத்து செயலி எழுதக்கூடிய எழுத்தாக முழுதாக மாறிவிட்டது. அதற்குத் தன் எழுத்தில் குறை தெரியாது.

'பொருளை மாற்றாதே' என்று கட்டளையில் சேர்த்தால் போதாதா? உதவும், செய்யுங்கள். ஆனால் எது முக்கியம் என்று அதற்குத் தெரிய வழியில்லை. 'நான் காணேல்லை' என்பதை எடுத்தால் பொருள் மாறவில்லை என்றே அது கணிக்கும். சொல்லைத் தெரிவதில் செயலிக்கு எவ்வளவு தளர்வு என்பதைக் குறிக்கும் 'வெப்பநிலை' என்கிற அளவைச் சுழியத்துக்கு இறக்கலாம் என்று கணினி தெரிந்தவர்கள் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஒரே கேள்விக்கு ஏறக்குறைய ஒரே பதில் வரும். அந்தப் பதில் மூலத்துக்கு விசுவாசமாக இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதமில்லை. வழக்கமான சொல்லையே எப்போதும் எடுப்பதால் இழுப்புச் சில வேளை கூடவும் செய்யும்.

சரியான முறை

ஒலிப்பதிவையும் முதல் எழுத்தையும் தனியாகச் சேமித்து வையுங்கள். அதைத் தொடவேண்டாம். அதன் பெயரில் 'மூலம்' என்ற சொல்லும் திகதியும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஒலிப்பதிவாக இருந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடாமல் தரவிறக்கி வையுங்கள். போன் மாறும்போது முதலில் தொலைவது அதுதான்.

அடுத்தது மேலே செய்ததுபோன்ற விபரப் பட்டியல்.

பிறகு, செயலியிடம் எதைக் கேட்பது என்பது. 'திருத்தி எழுதித் தா' என்று கேட்கவேண்டாம். 'எழுத்துப்பிழைகளையும் விளங்காத வசனங்களையும் பட்டியலாகத் தா, முழுதையும் எழுதாதே' என்று கேளுங்கள். வருகிற பட்டியலில் உங்களுக்குச் சரியென்று படுவதை நீங்களே மூலத்தின் பிரதியில் கையால் மாற்றுங்கள். வேலை கொஞ்சம் கூடும். ஆனால் மாற்றங்கள் எல்லாம் உங்கள் கண்முன்னே நடக்கும். நீங்கள் காணாமல் ஒரு ஏக்கரும் கைமாறாது. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுதாக எழுதித்தான் வேண்டும், உதாரணமாக அலுவலகக் கடித அமைப்பு வேண்டும் என்றால், தேவைகள் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் சொல்லி, மூலத்தையும் விபரப் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்து, ஒரேயொரு சுற்றுக் கேளுங்கள். வந்தது பிடிக்கவில்லையா? வந்ததைத் திருத்தச் சொல்லாதீர்கள். கட்டளையைத் திருத்தி, மூலத்திலிருந்தே திரும்பத் தொடங்குங்கள். அதையும் புதிய உரையாடலில் செய்யுங்கள். பழைய உரையாடலில் செய்தால் அங்கே கிடக்கும் முந்தைய பதில் செயலியின் கணக்குக்குள் வந்து, அதன் சாயல் இதிலும் விழும். பத்து முறை இப்படிச் செய்தாலும் ஒவ்வொன்றும் முதலாம் சுற்றுத்தான். தேய்மானம் சேர்ந்துகொண்டு போகாது.

ஊர்ச்சொற்களை முதலிலேயே பூட்டுங்கள். 'வான், துருசு, கிழமை, காலபோகம், கமம்: இந்தச் சொற்களை மாற்றாதே' என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் கேட்கும். அதிகாரிக்கு விளங்காது என்று நினைக்கிற சொல் இருந்தால் மூலத்திலேயே நீங்கள் விளக்கிவிடுங்கள்: '2 கிழமை, அதாவது 14 நாள்.'

சரிபார்ப்பதற்கு அச்செடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் கோடிடுவதே போதும். பட்டியலின் ஒவ்வொரு எண்ணையும் புதிய எழுத்தில் அது நிற்கிற இடத்தின் மேல் எழுதுங்கள். எண் கிடைக்காத வசனம் ஏதாவது இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஐந்தாம் சுற்றில் 'முன்னறிவிப்பின்றி' என்பது இப்படித்தான் பிடிபடும். கணினி பழகியவர்கள் சொல்லுக்குச் சொல் வித்தியாசம் பார்க்க:

```
git diff --no-index --word-diff moolam.txt sutru1.txt
```

எண்களை மட்டும் ஒப்பிட:

```
diff <(grep -oE '[0-9]+(\.[0-9]+)?' moolam.txt | sort) <(grep -oE '[0-9]+(\.[0-9]+)?' sutru1.txt | sort)
```

இரண்டாவது கட்டளை இலக்கத்தில் உள்ளதை மட்டுமே காணும். 'இரண்டு நாட்கள்' என்று எழுத்தில் இருந்தால் தப்பிவிடும். எண்களை முதலிலேயே இலக்கத்தில் எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

நிறுத்தவேண்டிய இடம்

ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கேள்வி போதும்: இந்தச் சுற்று எந்தப் பிழையைத் திருத்தியது? விரலை வைத்துக் காட்ட முடிந்தால் அந்தச் சுற்றுக்கு வேலை இருந்தது. 'இப்போது வாசிக்க நல்லாக இருக்கிறது' என்பது மட்டும்தான் பதில் என்றால் அந்தச் சுற்றை எறிந்துவிட்டு முந்தையதை எடுங்கள். பட்டியலில் ஒரு விபரம் விழுந்திருந்தால் எவ்வளவு வடிவாக இருந்தாலும் எறியவேண்டியதுதான், அல்லது விழுந்ததைக் கையால் திரும்ப வைக்கவேண்டும். விழுந்ததைத் திரும்பச் சேர்க்கச் செயலியிடம் கொடுத்தால் அதைச் சேர்த்துவிட்டு இன்னொன்றைத் தட்டிவிடும் வாய்ப்பு இருக்கிறது.

குரல் தேய்வதை எண்ணியும் பார்க்கலாம். மூலத்தில் ஒரே சொல்லில் ஒரு வசனம் நிற்கிறது, பத்துச் சொல்லுக்கு மேல் ஓடுகிற வசனமும் இருக்கிறது. ஐந்தாம் சுற்றில் ஆறு சொல்லுக்குக் குறைந்த வசனமே இல்லை. குட்டை வசனங்கள் மறைவது முதல் அடையாளம். 'மேலும்', 'இதன் மூலம்', 'குறிப்பிடத்தக்கது' போன்ற இணைப்புகளைச் சொன்னவர் வாயில் கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கடைசி வரியில் நம்பிக்கையோ விடிவோ புதிதாக வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது செயலியின் வரி.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை சொன்னவருக்கு வாசித்துக் காட்டுவது. வசனம் வசனமாக, உரத்து வாசியுங்கள். 'ஓம், ஓம்' என்று கேட்டுக்கொண்டே இருப்பவர் திடீரென்று, 'இல்லைத் தம்பி, நான் அப்பிடிச் சொல்லேல்லை' என்று நிறுத்துகிற இடத்தைக் குறியுங்கள். ஒரு சங்கடமும் இருக்கிறது. முதியவர்கள் பலர், படித்த பிள்ளை எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஆகவே 'சரியா அம்மா?' என்று கேட்காதீர்கள். 'தண்ணி எத்தினை நாள் நிண்டது எண்டு இதில கிடக்கு?' என்று கேளுங்கள். பதிலும் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

சுற்றுகள் கூடினாலும் பரவாயில்லாத இடங்களும் உண்டு

கூட்ட அறிவித்தல், உறை மேல் முகவரி, 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று தொடங்குகிற முகப்புக் கடிதம் போன்றவற்றுக்குக் குரல் தேவையில்லை. திகதியும் இடமும் சரியா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

சிங்களத்துக்கு மாற்றுவது வேறு கதை. கொழும்பிலுள்ள அலுவலகத்துக்குப் போகிற மனுவைச் செயலியால் மாற்றிவிட்டு, சரியா என்று பார்க்கத் திரும்பத் தமிழுக்கு மாற்றி வாசிக்கிறார்கள். நல்ல பழக்கம்தான், பெரிய பிழைகளை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் மாற்றுவது ஒரு சுற்று, திரும்ப மாற்றுவது இன்னொரு சுற்று. திரும்பி வந்த தமிழ் பார்ப்பதற்கு மட்டுமே. அது மூலத்தைவிட ஓட்டமாக இருக்கிறது என்று அதையே தமிழ்ப் பிரதியாக வைத்துக்கொள்ளாதீர்கள். சிங்களம் தெரிந்த ஒருவர் அக்கம்பக்கத்தில் இருந்தால், விபரப் பட்டியலைக் கையில் கொடுத்து, பதினொன்றும் இருக்கிறதா என்று சிங்களப் பிரதியில் பார்க்கச் சொல்வது இதைவிட நல்லது.

கடைசியாக, மூலம் தொலைந்து ஐந்தாம் சுற்று மட்டும் கையில் இருக்கிற நிலை. 'இதன் மூலத்தை ஊகித்து எழுது' என்று செயலியிடம் கேட்கவே வேண்டாம். அது வன்னிப் பேச்சில்கூட எழுதித் தரும், 'எண்டு' 'கிடக்கு' எல்லாம் போட்டு. ஏக்கரும் நாளும் அதன் கற்பனையாக இருக்கும். கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு சொன்னவர் வீட்டுக்குப் போங்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே 'எத்தனை, எப்போது, ஆர் சொன்னது, நீங்கள் கண்டதோ' என்று கேட்டுப் பேனையால் எழுதுங்கள். அவர் சொல்வதைப் போனிலும் பதியுங்கள். கடிதம் ஏற்கெனவே அலுவலகத்துக்குப் போயிருந்தால், திருத்திய விபரங்களோடு ஒரு பக்க மேலதிக வாக்குமூலத்தை அவருடைய கையெழுத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்துக்கு எழுத்துப்பிழை திருத்தவும் செயலியைத் தொடவேண்டாம். ஊரில் தமிழ் படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவரிடம் காட்டினால் போதும்.